பாப்பாவின் தலைநீர்: ஊறும் இடம், அடைத்த இடம், போகும் வழி

டாக்டரம்மாவுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு நாலரை மாதம். பிறந்தபோது தலைச்சுற்றளவு 34 சென்டிமீட்டர். ஆறு வாரத் தடுப்பூசியில் 38, பத்து வாரத்தில் 40, பதினாலு வாரத்தில் 42.5, இப்போது 45. எம்.ஆர்.ஐ.யில் "பக்க அறைகள் இரண்டும் மூன்றாம் அறையும் விரிந்துள்ளன, நாலாம் அறை சரியான அளவு, அக்யுடக்ட் அடைப்பு" என்று போட்டிருக்கிறார்கள். எண்டோஸ்கோப்பில் ஓட்டை போடலாம், இல்லாவிட்டால் வயிற்றுக்குக் குழாய் விடலாம், சீக்கிரம் வாருங்கள் என்கிறார்கள். தலைக்குள் இத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்தது? எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, அதனாலா? ஆயா பாலைக் குறைக்கச் சொல்கிறார். நீரை வற்ற வைக்கும் மாத்திரை இருக்கிறதாமே, ரெண்டு மாதம் கொடுத்துப் பார்க்கட்டுமா?

தம்பி, முதலில் மூன்று விஷயம். பாலைக் குறைக்காதீர்கள். மாத்திரைக்காக ரெண்டு மாதம் காத்திருக்காதீர்கள். அவர்கள் கொடுத்த தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் வீட்டில் ஆயாவுக்கும் நீங்களே எடுத்துச் சொல்லிவிடலாம்.

மூளை முழுக்கக் கெட்டியான சதை இல்லை. அதன் நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்த நான்கு அறைகள் இருக்கின்றன. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே கீழே ஒடுக்கமாக மூன்றாவது, பின்மண்டையில் சிறுமூளைக்கு முன்னால் நாலாவது. எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கும் அறைகள்தான் இவை. இவற்றில் இருக்கும் நீரும் நோய் நீர் கிடையாது. உங்கள் தலையிலும் என் தலையிலும் இப்போது அந்த நீர் இருக்கிறது. பெரியவர்களுக்கு மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருப்பதையும் சேர்த்துச் சுமார் 150 மில்லி. ஒன்றரை கிலோ அளவுக்கு வரும் மூளை இந்த நீரில் மிதப்பதால், உள்ளே அதன் எடை ஐம்பது கிராம் அளவாகத்தான் அழுத்துகிறது. நீர் இல்லாவிட்டால் மூளை தன் பாரத்தாலேயே அடியில் இருக்கும் நரம்புகளை நசுக்கிவிடும்.

இந்த நீர் ஊறும் இடத்தை எண்டோஸ்கோப்பில் நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். பக்க அறைக்குள் கேமராவை இறக்கினால் வெள்ளைச் சுவர், கண்ணாடி போலத் தெளிந்த நீர். அறையின் தரையோரமாக ஒரு செந்நிறக் கொத்து நீளவாட்டில் படர்ந்திருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சின்னச் சின்ன இழைகள், ஒவ்வோர் இழையிலும் மெல்லிய ரத்தக் குழாய். குளத்து நீருக்குள் பாசி அசைவதுபோல, இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் மெதுவாக அசைந்தபடி இருக்கும். இதுதான் கோராய்டு பிளெக்சஸ். இரண்டு பக்க அறைகளிலும், மூன்றாம் அறையின் கூரையிலும், நாலாம் அறையின் கூரையிலும் இது உண்டு. பக்க அறைகளில்தான் மிகப் பெரியது. நீரில் பெரும்பகுதி இங்கேதான் தயாராகிறது.

தயாராகிறது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து கசிந்து, வடிந்து சேரும் நீர் இது கிடையாது. அந்த இழைகளுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் ஓட்டைகள் கொண்டவை. ரத்தத்தின் நீர்ப்பகுதி அதிலிருந்து வெளியே வந்துவிடும். ஆனால் இழைகளின் மேலே ஒற்றை வரிசையாகச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. இந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருப்பதால் அவற்றைத் தாண்டி எதுவும் தானாக உள்ளே போக முடியாது. செல்தான் தீர்மானிக்கும். அறைப் பக்கம் இருக்கும் முகத்தில் பம்புகள் பதிந்திருக்கின்றன. அவை சோடியத்தை நீருக்குள் தள்ளும், பொட்டாசியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சோடியம் போனால் குளோரைடும் பைகார்பனேட்டும் பின்னால் போகும். உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். இப்படி உப்பைத் தள்ளித் தள்ளித்தான் நீர் உருவாகிறது. அதனால்தான் இந்த நீரின் சேர்மானமே ரத்தத்திலிருந்து வேறாக இருக்கிறது: புரதம் மிக மிகக் குறைவு, சர்க்கரை ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு.

இந்தப் பம்பு சதா ஓடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி. மொத்தம் 150 மில்லி இருக்கும் இடத்தில் நாளுக்கு 500 மில்லி ஊறுகிறது என்றால், அதே அளவு வெளியேயும் போய்க்கொண்டிருக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு மூன்று, நான்கு தடவை முழுக்கப் புதுநீராக மாறுகிறது. கைக்குழந்தைக்கு அளவுகள் எல்லாமே குறைவு, ஆனால் கணக்கு இதேதான்.

உங்கள் வீட்டுத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் இருந்தால் பயமில்லை. கோராய்டு பிளெக்சஸில் அப்படியொரு சுவிட்ச் கிடையாது. அறைக்குள் அழுத்தம் ஏறினாலும் பம்பு கொஞ்சம்தான் தளரும், நிற்காது. பாப்பாவின் பிரச்சினையை இந்த ஒரு குணத்திலிருந்தே புரிந்துகொள்ளலாம். போகும் வழி அடைத்தபின்னும் அது ஊறிக்கொண்டே இருக்கிறது.

இதனால் ஆயாவின் கேள்விக்கு விடை வந்துவிட்டது. பாலைக் குறைத்தால் சிறுநீர் குறையும், நாக்கு வறளும், எடை ஏறாது. பம்பு மட்டும் ரத்தத்தில் இருக்கும் உப்பையும் நீரையும் எடுத்து ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் ஆபரேஷனுக்குப் போகும் குழந்தை எடை குறைந்து, நீர்ச்சத்து வற்றிப் போனால் மயக்கம் கொடுக்கும் டாக்டருக்குத்தான் கஷ்டம். ஆயாவிடம் கோபப்படாதீர்கள். "தலையில் நீர்" என்று கேட்டால் குடிப்பதைக் குறைக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

ஃபுளோரைடு பற்றிய சந்தேகம் நம் மாவட்டத்தில் நியாயமானதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் இறுக்கும். நாலரை மாதக் குழந்தையின் மூளைக்குள் ஒரு நாளத்தை அது அடைக்காது. பாப்பா வளர்ந்து பல் முளைக்கும் காலத்துக்கு ஒகேனக்கல் தண்ணீர் கொடுங்கள், அது வேறு நல்ல காரணத்துக்காக. இந்த நோய்க்காக உங்கள் மனைவியோ நீங்களோ எந்தத் தண்ணீரைக் குடித்தோம் என்று பின்னோக்கித் தேட வேண்டாம்.

அடுத்து அந்த நீர் போகும் வழி. பாப்பாவின் ஸ்கேனில் எழுதியிருக்கும் ஒற்றை வரியின் அர்த்தம் இதில்தான் இருக்கிறது.

பக்க அறைகளில் ஊறும் நீர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னத் துளை வழியாக மூன்றாம் அறைக்கு இறங்கும். மன்ரோ துளை என்று பெயர். நாங்கள் உள்ளே போகும்போது வழி தெரிவதே கோராய்டு பிளெக்சஸை வைத்துத்தான். அந்தச் செந்நிறக் கொத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனால் அது நேராக மன்ரோ துளைக்குள் நுழையும். மூன்றாம் அறையிலிருந்து நாலாம் அறைக்குப் போக ஒரே ஒரு பாதைதான் உண்டு. அதுதான் அக்யுடக்ட். நடுமூளைக்குள் குடைந்தது போன்ற மெல்லிய நாளம். நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், பெரியவர்களுக்கே அகலம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். மேலே மூன்று அறைகளில் ஊறும் நீர் அத்தனையும் இந்த ஊசித் தடத்துக்குள்தான் போயாக வேண்டும். நாலாம் அறைக்கு வந்தபின் நடுவில் ஒன்று, பக்கங்களில் இரண்டு என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே நீர் மூளைக்கு வெளியே வந்து, மூளைக்கும் அதை மூடிய உறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் பரவும். கொஞ்சம் தண்டுவடத்தைச் சுற்றி இறங்கும், மீதி மூளையின் அடியிலிருந்து மேல்நோக்கி உச்சி வரை ஏறும்.

உச்சியில், மண்டையோட்டுக்கு அடியில், முன்னிருந்து பின்னாக ஒரு பெரிய ரத்தக் கால்வாய் ஓடுகிறது. மூளை உறையின் சிறு முளைகள் அந்தக் கால்வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர் அவற்றின் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். மூக்கின் வாசனை நரம்பைச் சுற்றியும், தண்டுவட நரம்புகளின் வேர்களைச் சுற்றியும் நிணநீர்ப் பாதைகளுக்குப் போகும் பங்கும் உண்டு. ஊறும் வேலை அழுத்தத்தைப் பார்க்காது என்று சொன்னேன். உறிஞ்சும் வேலை நேர்மாறு. நீரின் அழுத்தம் கால்வாயில் இருக்கும் ரத்தத்தின் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால்தான் உறிஞ்சும். அதிகமாக ஆக ஆக வேகமாக உறிஞ்சும். ஆகவே, வழி திறந்திருந்தால் அழுத்தம் தானே சரியாகிக்கொள்ளும்.

இப்போது ஸ்கேன் வரியைப் படியுங்கள். அடைப்புக்கு மேலே இருக்கும் மூன்று அறைகளும் விரிந்திருக்கின்றன, கீழே இருக்கும் நாலாம் அறை விரியவில்லை. நடுவில் ஒரே பாதைதான். ஆகவே அடைப்பு அங்கேதான். நாலாம் அறையும் சேர்ந்து விரிந்திருந்தால், அடைப்பு அதன் வாசல்களிலோ அதற்கும் மேலே உறிஞ்சும் இடத்திலோ இருக்கிறது என்று யோசித்திருப்போம். மூளைக்காய்ச்சல், அதிலும் டி.பி. மூளைக்காய்ச்சலுக்குப்பின் பல குழந்தைகளுக்கு அப்படித்தான் ஆகும். இந்த வேறுபாட்டை முதலில் சோதித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த டாண்டி, பிளாக்ஃபேன் என்ற இரண்டு மருத்துவர்கள். 1913-ல் வந்தது அவர்கள் கட்டுரை. நாயின் அக்யுடக்டை அடைத்துப் பார்த்தார்கள். மேலே இருக்கும் அறைகள் விரிந்தன. குழந்தைகளின் பக்க அறைக்குள் சாயம் செலுத்தி, அது முதுகுத்தண்டின் நீரில் வந்து சேர்கிறதா என்று பார்த்தார்கள். வந்து சேராத குழந்தைகளுக்கு நடுவில் அடைப்பு என்று பொருள். இன்று அதே கேள்வியை எம்.ஆர்.ஐ. ஊசி போடாமல் கேட்டுச் சொல்லிவிடுகிறது.

அடைப்பு எப்படி வந்தது என்று கேட்டால், பல குழந்தைகளுக்குக் கருவில் அந்த நாளம் சரியாக உருவாகாமல் குறுகிவிடுகிறது. சிலருக்குக் கருவிலோ பிறந்தவுடனோ வந்த கிருமித் தொற்றாலோ ரத்தக்கசிவாலோ வடு விழுந்து மூடிப்போகும். அரிதாக, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி நெருக்கலாம். உங்கள் ஸ்கேனில் கட்டி என்று எதுவும் எழுதவில்லை என்பது நல்ல செய்தி. எதுவானாலும் ஆபரேஷன் வேண்டும் என்ற முடிவு மாறாது.

இனி, தாய் சேய் அட்டையில் இருக்கும் அந்த எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி பெண் குழந்தைக்குப் பிறக்கும்போது நடுத்தர அளவு கிட்டத்தட்ட 34, மூன்றாம் மாதத்தில் 39.5, நாலரை மாதத்தில் 41. பாப்பா நடுத்தர அளவோடு பிறந்து, ஒவ்வொரு தடுப்பூசிக்கும் வளர்ச்சிக் கோட்டைத் தாண்டித் தாண்டி மேலே போயிருக்கிறாள். பெரிய தலை என்பதைவிட இந்த ஓட்டம்தான் எங்களைப் பதற வைக்கும். அப்பாவுக்கும் பெரிய தலை, பாப்பாவுக்கும் பெரிய தலை என்றால் அந்தக் கோடு பிறந்ததிலிருந்தே மேலேயே இணையாகப் போகும், இப்படி ஏறாது. அந்த எண்களை விடாமல் அளந்து அட்டையில் எழுதிய கிராம சுகாதாரச் செவிலியருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

நாலு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். தலையை உருண்டை என்று வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். 41 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள உருண்டையின் கொள்ளளவு சுமார் 1,160 மில்லி. 45 என்றால் சுமார் 1,540. வித்தியாசம் 380 மில்லி. தலை முழு உருண்டை இல்லை, எலும்பும் தோலும் சேர்ந்த அளவு இது என்பதால் சரியான எண் இதைவிடக் குறையலாம். ஆனாலும் டம்ளர் கணக்கில் நீர் கூடியிருக்கிறது. பாப்பாவின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேராமல் இருப்பதால் தலை விரிந்து இடம் கொடுத்திருக்கிறது. அதனால்தான் இதுவரை குழந்தை பால் குடித்துச் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். ஆனால் இந்த இடம் எல்லையில்லாமல் கிடைக்காது. உள்ளே விரியும் அறை, மூளைச் சதையை மண்டையோட்டுக்கு எதிராக அழுத்தி மெல்லியதாக்கும். பின்பக்கம் பார்வைப் பாதை, நடுவே கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் என்று எல்லாம் இழுபடும்.

ஒரு குழந்தையை என்னால் மறக்க முடியவில்லை. ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், ஆறு மாதம். எங்கோ ஓரிடத்தில் "நீர் வற்றும்" என்று மாத்திரையும் சிரப்பும் கொடுத்து மூன்று மாதம் வரச் சொல்லியிருந்தார்கள். தலை வளர்வது அந்த மூன்று மாதமும் நிற்கவில்லை. என்னிடம் வந்தபோது கண்மணி கீழே இறங்கி, மேலே வெள்ளை விழி தெரிந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவது போல இருப்பதால் அஸ்தமனக் கண் என்போம். கண்ணை மேலே தூக்கும் நரம்பு மையம் அந்த அக்யுடக்டின் பின்னாலேயே இருக்கிறது; அழுத்தம் அதைத் தள்ளும்போது கண் இப்படி இறங்கும். ஆபரேஷன் செய்தோம். நான்காம் நாள் கண் மேலே வந்துவிட்டது. ஆனால் பார்வை நரம்பு அதற்குள் வெளிறிப்போயிருந்தது. இன்று அவன் நடக்கிறான், பேசுகிறான், பார்வை மட்டும் பாதிதான். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு தாங்குவதில்லை.

அந்த மாத்திரை பொய் மருந்து என்று நான் சொல்லவில்லை. அசிடசோலமைடு என்பது அதன் பெயர். கோராய்டு பிளெக்சஸ் செல்களுக்குள் பைகார்பனேட் உருவாக ஒரு நொதி வேண்டும், அதை இந்த மருந்து தடுக்கும். நீர் ஊறுவது கொஞ்சம் குறையும், ஆனால் நிற்காது. அடைத்த தொட்டிக்குள் மோட்டார் பாதி வேகத்தில் ஓடினாலும் தொட்டி நிறையத்தானே செய்யும்? மூளைக்குள் ரத்தம் கசிந்து தலை வீங்கிய குழந்தைகளுக்கு இதையும் இன்னொரு நீர்ப்போக்கு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1998-ல் லான்செட் இதழில் வந்தது. ஆபரேஷன் தேவை குறையவில்லை, மருந்து கொடுத்த குழந்தைகளே மோசமாக இருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் காரணம் வேறு. ஆனாலும் அதற்குப்பின் குழந்தைகளுக்கு இதை நம்பிக் காத்திருப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். ரத்தத்தில் அமிலம் கூடிக் குழந்தை மூச்சு வாங்குவதும் உண்டு. ஆபரேஷனுக்கு முன் ஓரிரு நாள் இழுத்துப் பிடிக்க உங்கள் மருத்துவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமேல் அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

ஊறுவதை நிறுத்த முடியாது என்றால் செய்யக்கூடியது ஒன்றுதான். அடைப்பைச் சுற்றி வேறு வழி விட வேண்டும். உங்களிடம் சொன்ன இரண்டு ஆபரேஷனும் அதைத்தான் செய்கின்றன.

எண்டோஸ்கோப் வழியில், மூன்றாம் அறையின் தரையில் ஒரு துளை போடுவோம். பாப்பாவின் உச்சிக்குழி ஓரத்தில் சின்னக் கீறல், அதன் வழியே கேமரா பக்க அறைக்குள், அங்கிருந்து மன்ரோ துளை தாண்டி மூன்றாம் அறைக்குள். அறை விரிந்திருப்பதால் தரை கண்ணாடித்தாள் போல மெலிந்திருக்கும். முன்னால் செம்மையான ஒரு புள்ளி, பின்னால் இரண்டு வெள்ளை மணிகள். இவற்றுக்கு நடுவில்தான் துளை. அந்தத் தாளுக்கு நேர் கீழே மூளையின் முக்கியமான ரத்தக் குழாய் ஓடும், பல குழந்தைகளுக்கு அதன் துடிப்பே மேலே தெரியும். ஆகவே கத்தியால் வெட்டுவதில்லை. மெல்லிய குழாயால் மெதுவாகக் குத்தி, அதன் நுனியில் இருக்கும் சின்ன பலூனை ஊதி விரிப்போம். சரியாக விழுந்தால் அந்தத் துளையின் ஓரம் துணித்திரை போல உள்ளேயும் வெளியேயும் அசையத் தொடங்கும். நீர் அக்யுடக்டைத் தேடாமல் நேராக மூளையின் அடிக்குப் போய், அங்கிருந்து உச்சி வரை தன் பழைய வழியில் ஏறும்.

இதில் உடலுக்குள் அந்நியப் பொருள் எதுவும் இல்லை என்பது பெரிய நன்மை. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. துளை போட்டபின்னும் நீரை உறிஞ்ச வேண்டியது உச்சியில் இருக்கும் அந்த முளைகள். அவை கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்வதே ஒன்றரை வயது வாக்கில்தான். கைக்குழந்தைகளுக்கு உறிஞ்சும் திறன் குறைவு. வழி திறந்துவிட்டது, ஆனால் வழியின் முடிவில் இருக்கும் வாய் சின்னது. அதனால்தான் இந்த ஆபரேஷன் பெரியவர்களுக்குக் கைகொடுக்கும் அளவு பச்சைக் குழந்தைக்குக் கைகொடுப்பதில்லை.

எவ்வளவு கைகொடுக்கும் என்று கணிக்க நாங்கள் ஒரு மதிப்பெண் பயன்படுத்துகிறோம். பாப்பாவுக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றிலிருந்து ஆறு மாத வயதுக்கு 10. அக்யுடக்ட் அடைப்புக்கு 30. இதற்கு முன் வயிற்றுக்கு விடும் ஷண்ட் குழாய் வைக்கவில்லை என்பதற்கு 10. மொத்தம் 50. அதாவது ஆறு மாதத்தில் வேறு ஆபரேஷன் தேவைப்படாமல் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐம்பது. ஆறு மாதம் முடிந்துவிட்டால் வயதுக்கு 30 என்று ஆகி, மொத்தம் 70 வரும். "அப்படியானால் ஒன்றரை மாதம் காத்திருந்தால்?" என்று கேட்பீர்கள். தலை நிதானமாக இருந்தால் யோசிக்கலாம். பதினாலாவது வாரத்துக்குப்பின் ஐந்தாறு வாரத்தில் 2.5 சென்டிமீட்டர் ஏறிய தலையை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டேன். மதிப்பெண்ணுக்காக மூளையை விலையாகக் கொடுக்க முடியாது.

சில மையங்களில் துளை போடும்போதே பக்க அறைகளில் இருக்கும் கோராய்டு பிளெக்சஸையும் மின்சூட்டால் கருக்கிவிடுவார்கள். உகாண்டாவில் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்த பெஞ்சமின் வார்ஃப் என்ற அறுவை மருத்துவர் இதைச் செய்து, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத் துளை மட்டும் போடுவதைவிட நல்ல பலன் கிடைத்ததாக 2005-ல் எழுதினார். உறிஞ்சும் வாய் சின்னதாக இருக்கும்போது ஊறும் கையையும் கொஞ்சம் கட்டுப்படுத்துவது என்ற யோசனை. மூன்றாம், நாலாம் அறைகளில் இருக்கும் பிளெக்சஸை யாரும் தொடுவதில்லை, ஆகவே நீர் முழுக்க நின்றுவிடாது. உங்கள் டாக்டரிடம் இதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள். பழக்கமுள்ள கைகளில்தான் இதைச் செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி ஷண்ட். பக்க அறையிலிருந்து ஒரு மெல்லிய சிலிக்கான் குழாய், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு வால்வு, அங்கிருந்து கழுத்து, மார்பு வழியே தோலுக்கடியிலேயே வயிற்றுக்குள். குடலைச் சுற்றியிருக்கும் உறை நீரைத் தாராளமாக உறிஞ்சும், அங்கே தங்காது. வயிற்றில் நீளமான குழாயைச் சுருட்டி விடுவதால் பாப்பா வளர வளர அது தானே அவிழ்ந்து வரும். வால்வு, குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால்தான் திறக்கும், ஒரே பக்கம்தான் விடும். இந்த வால்வு வேலை செய்யத் தொடங்கிய கதை எனக்குப் பிடித்தது. 1956-ல் அமெரிக்காவில் ஜான் ஹோல்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, தன் பையனுக்கு இதே நோய் வந்தபோது பட்டறையில் உட்கார்ந்து செய்த வால்விலிருந்து இது பரவியது. ஷண்ட் உடனே பலன் கொடுக்கும், உறிஞ்சும் முளைகள் வளரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டிய பொருள். குழந்தைகளுக்கு வைத்த ஷண்டுகளில் பத்தில் மூன்று நான்கு, முதல் வருடத்திலேயே அடைத்தோ வேறு தகராறு செய்தோ மறுபடி ஆபரேஷன் கேட்கும். கிருமி தொற்றினால் குழாயையே எடுக்க வேண்டியிருக்கும், அது பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வரும்.

உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், எண்டோஸ்கோப்பில் நல்ல பழக்கமுள்ள குழு இருந்தால் துளையை முதலில் முயல்வேன், ஐம்பதுக்கு ஐம்பது என்பதைத் தெரிந்தே முயல்வேன். கைகொடுக்காவிட்டால் ஷண்ட் இருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத இடமென்றால் ஷண்டை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். சரியாக வேலை செய்யும் ஷண்டோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஷண்ட் வைத்தால் ஏதோ தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

துளை போட்டாலும் சரி, குழாய் வைத்தாலும் சரி, மறுபடி ஸ்கேன் எடுத்து "அறை இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். துளை போட்டபின் அறைகள் கொஞ்சம்தான் சுருங்கும். பார்க்க வேண்டியது வேறு. தலைச்சுற்றளவு ஏறுவது நின்றதா? குழந்தையை உட்கார வைத்து, அழாமல் இருக்கும்போது உச்சிக்குழியைத் தொட்டால் மெத்தென்று, சற்றே உள்வாங்கி இருக்கிறதா? அழும்போது புடைப்பது சகஜம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அழாத குழந்தைக்கு உச்சி விறைத்திருந்தால், கண் கீழே இறங்கினால், பால் குடித்ததைத் திரும்பத் திரும்பக் கக்கினால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தால், அன்றைக்கே மருத்துவமனை. ராத்திரி என்றால் 108. ஷண்ட் வைத்த குழந்தை வாந்தி எடுத்தால் பலர் வயிற்றுக்கோளாறு என்று நினைத்து ரெண்டு நாளை வீணாக்குகிறார்கள். அந்த வாந்தி வயிற்றிலிருந்து வருகிறது என்று முடிவு செய்வதற்கு முன், குழாய் அடைக்கவில்லை என்பதைப் பார்த்தாக வேண்டும். குழாய் போகும் வழியில் தோல் சிவந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. மாறாக உச்சி ரொம்பக் குழிந்து எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நீர் தேவைக்கு மேல் வடிகிறது என்று பொருள். அதற்கும் வர வேண்டும்.

அளக்கும்போது ஒரே டேப்பை வைத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் பயன்படுத்தும் இழுபடாத டேப் போதும். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் மண்டை மிகத் துருத்தியிருக்கும் இடம், இந்த இரண்டையும் சேர்த்துச் சுற்றி மூன்று தடவை அளந்து பெரிய எண்ணை எழுதுங்கள். ஆபரேஷன் வரை வாரம் இரண்டு தடவை, அதற்குப்பின் முதல் மூன்று மாதம் வாரம் ஒரு தடவை. அட்டையில் இடம் தீர்ந்துவிட்டால் ஒரு பள்ளி நோட்டு வாங்கி, தேதியோடு எழுதி, சேலமோ பெங்களூரோ எங்கே போனாலும் ஸ்கேன் சி.டி.யோடு அதையும் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் நாளைக்கு முன்தினம் வரை பாப்பாவுக்கு வயிறு நிறையத் தாய்ப்பால் கொடுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதை மயக்கம் கொடுக்கும் டாக்டர் சொல்வார்.